ரெப்போ குறைந்தும் வீட்டுக்கடன் வட்டி குறையவில்லை: ஆம்புட்ஸ்மனிடம் எப்படிப் போவது?

கேள்வி: 2023 மார்ச்சில் ஒரு தனியார் வங்கியில் 25 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கினேன். 20 வருடம், தவணை ரூ.22,333. "ரெப்போ 6.50% + 2.40% = 8.90%, ஒவ்வொரு காலாண்டின் முதல் தேதியில் மாற்றியமைக்கப்படும்" என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. இந்த வருடம் மூன்று முறை ரெப்போ குறைந்தும் எனக்கு 8.90% தான் போடுகிறார்கள். கிளையில் பலமுறை கேட்டுவிட்டேன். ஆகஸ்ட் 20 அன்று மேலாளருக்கு, "வட்டியைக் குறைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று மெயில் அனுப்பினேன். "வங்கியின் கொள்கைப்படியே வட்டி வசூலிக்கப்படுகிறது" என்று செப்டம்பர் 3-ல் ஒரு வரியில் பதில் வந்தது. ஆம்புட்ஸ்மனிடம் போகலாமா? அதுவரை தவணையை நிறுத்தி வைக்கலாமா?

– வாசகி, திண்டுக்கல் (அக்டோபர் 2025)

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. தவணையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உங்கள் கடன் தகுதிப் புள்ளி இறங்கும், தாமதக் கட்டணம் ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இப்போது வங்கியிடம் இல்லாத ஒரு சாக்கை நீங்களே கொடுத்துவிடுவீர்கள். அது எப்படி என்று கீழே வருகிறது. தகராறு தீரும்வரை ரூ.22,333 போய்க்கொண்டே இருக்கட்டும். கூடுதலாகப் போனது திரும்பி வரும் வழியைத்தான் நாம் தேட வேண்டும்.

வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்க ரிசர்வ் வங்கி நியமிக்கும் அதிகாரிதான் ஆம்புட்ஸ்மன். அவரிடம் போகலாம், உங்கள் வழக்கு வலுவானதும்கூட. ஆனால் கையில் இருக்கும் அந்த ஆகஸ்ட் மெயிலை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

வட்டி தொடர்பாக வரும் புகார்கள் இரண்டு வகை. "வட்டி அதிகமாக இருக்கிறது, குறைக்க வேண்டும்" என்பது ஒன்று. "ஒப்பந்தத்தில் எழுதிய விகிதம் ஒன்று, வசூலிப்பது வேறொன்று" என்பது மற்றது. எந்த விகிதத்தில் கடன் கொடுப்பது என்பது வங்கியின் வணிக முடிவு. ரிசர்வ் வங்கியின் 2021-ம் ஆண்டு ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மன் திட்டம், வணிக முடிவு சார்ந்த புகார்களை விசாரணைக்கே எடுப்பதில்லை. இரண்டாவது வகை அப்படியல்ல. அது சேவைக் குறைபாடு, ஆம்புட்ஸ்மனின் அதிகாரத்துக்குள் நேராக வருகிறது. உங்கள் வழக்கு இரண்டாவது வகை, ஆனால் உங்கள் மெயில் முதல் வகையாக எழுதப்பட்டிருக்கிறது. "குறைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்பது வேண்டுகோள். வேண்டுகோளை மறுக்க வங்கிக்கு உரிமை உண்டு, மறுத்துவிட்டார்கள். ஆகவே புகாரைச் சரியான சொற்களில் மறுபடி வங்கியிடமே பதிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

கடன் கொடுத்தது உண்மையிலேயே வங்கியா என்பது முதலாவது. வங்கியின் பெயரைத் தாங்கிய துணை நிறுவனமாக ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனம் இருக்கலாம். கிளை அலுவலகம், பெயர்ப்பலகை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அனுமதிக் கடிதத்தின் அடியில் இருக்கும் முழுப் பெயரில் 'ஹவுசிங் ஃபைனான்ஸ்' என்று இருந்தால் இந்த ஆம்புட்ஸ்மன் திட்டம் பொருந்தாது. அந்தப் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் விகிதமான ரெப்போ போன்ற ஒன்றோடு வீட்டுக்கடனை இணைக்கும் கட்டாயமும் வங்கிகளுக்குத்தான்.

இரண்டாவது, குறையாமல் இருப்பது வட்டியா, தவணையா? விகிதம் குறையும்போது பல வங்கிகள் தவணைத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு மாதங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். தவணை மாறவில்லை என்பதை மட்டும் பார்த்துப் புகார் கொடுத்து, "விகிதம் குறைக்கப்பட்டுவிட்டது, காலம் சுருங்கியிருக்கிறது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புபவர்கள் உண்டு. கடன் கணக்கு ஸ்டேட்மென்டில் ஒரு மாத வட்டியை 12-ஆல் பெருக்கி, அந்த மாதத் தொடக்கத்தில் இருந்த அசல் நிலுவையால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். வருவதுதான் உண்மையில் போடும் விகிதம். சில வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடும். அங்கே 31 நாள் மாதத்தில் கொஞ்சம் கூடவும் பிப்ரவரியில் குறையவும் வரும். ஆகவே ஒரு மாதத்தை வைத்து முடிவு கட்டாமல் மூன்று மாதங்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கடன் ஒப்பந்தத்தின் வட்டிப் பிரிவு. அனுமதிக் கடிதம் இரண்டு பக்கம்தான், ஒப்பந்தம் தடிமனாக இருக்கும். அதில் அடிப்படை விகிதமாக ரிசர்வ் வங்கியின் ரெப்போதான் எழுதப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதியின் ரெப்போ எடுக்கப்படும், 2.40% என்ற கூடுதல் விகிதத்தை எப்போது மாற்றலாம் என்று பாருங்கள். ஒப்பந்த நகல் உங்களிடம் இல்லையென்றால் கிளையில் எழுத்தில் கேளுங்கள். கூடவே, உங்கள் கணக்கின் 'வட்டி விகித மாற்ற விவரம்' வேண்டும் என்றும் கேளுங்கள். கடன் தொடங்கிய நாளிலிருந்து எந்தத் தேதியில் எந்த விகிதம் போடப்பட்டது என்பதை வங்கியின் கணினியிலிருந்து அச்செடுத்துத் தரலாம். உங்கள் வழக்கில் அந்த ஒரு தாள் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி.

இனி விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் மாறும் வட்டியில் கொடுக்கும் புதிய வீட்டுக்கடன்கள் எல்லாம் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். விகிதம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றியமைக்கப்பட வேண்டும். அளவுகோலுக்கு மேல் எவ்வளவு கூட்டுவது என்பது கடன் கொடுக்கும்போது வங்கியின் விருப்பம். கொடுத்த பிறகு அதை நினைத்தபடி ஏற்ற முடியாது. அந்தக் கூடுதல் விகிதத்தில் கடனாளியின் நம்பகத்தன்மைக்காகச் சேர்த்த பகுதியை, அவருடைய கடன் தகுதி கணிசமாக மாறினால் மட்டுமே மாற்றலாம். நிர்வாகச் செலவு போன்ற மற்ற பகுதிகளை மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம்.

உங்கள் கடன் 2023 மார்ச்சில் தொடங்கியது. மூன்று வருடம் 2026 மார்ச்சில்தான் முடிகிறது. தவணை எதுவும் தவறவில்லை என்றால், உங்கள் தகுதி குறைந்துவிட்டது என்றும் வங்கி சொல்ல முடியாது. தவணையை நிறுத்தாதீர்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்கு இதுதான் காரணம். நிறுத்தினால் "இவருடைய கடன் தகுதி மாறிவிட்டது" என்ற வாதம் வங்கிக்குக் கிடைத்துவிடும்.

'வங்கியின் கொள்கை' என்று அவர்கள் எழுதியதற்கு என்ன பொருள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த ஆண்டு பிப்ரவரி 7-ல் ரெப்போ 6.25%, ஏப்ரல் 9-ல் 6.00%, ஜூன் 6-ல் 5.50% ஆனது. உங்கள் ஒப்பந்தப்படி ஏப்ரல் 1 அன்று இருந்த ரெப்போ 6.25%. அதோடு 2.40% சேர்த்தால் 8.65%. ஜூலை 1 அன்று 5.50% + 2.40% = 7.90%. அக்டோபர் 1 அன்றும் அதேதான். ஏப்ரல் 9-ல் நடந்த குறைப்பு தனியாக உங்களுக்கு வராது, அது ஜூலை மாற்றத்துக்குள் அடங்கிவிடுகிறது. புகாரில் இந்த இடத்தைத் தவறாக எழுதினால், வங்கி அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழுக் கணக்கையும் தவறு என்று காட்டும். ஆகவே ரெப்போ மாறிய தேதியை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் சொன்ன மாற்றத் தேதியை வைத்தே எழுதுங்கள்.

ஜூலைக்குப் பிறகும் 8.90% போடுகிறார்கள் என்றால் கூடுதல் விகிதம் 2.40%-லிருந்து 3.40% ஆகிவிட்டது என்று பொருள். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பல நேரங்களில் இது திட்டமிட்ட ஏற்றமாக இருக்காது. கணக்கைக் கணினியில் திறந்தபோது ரெப்போவோடு இணைக்காமல் நிலையான எண்ணாக 8.90 என்று பதிந்திருப்பார்கள், எந்தக் குறைப்பும் அதைத் தொடாது. எதுவானாலும் உங்கள் புகாரின் வடிவம் ஒன்றுதான்: ஒப்பந்தம் மீறப்பட்டது.

கூடுதலாகப் போனது எவ்வளவு? ஏப்ரல் 1 அன்று உங்கள் அசல் நிலுவை ஏறக்குறைய 24,00,000 ரூபாய் இருக்கும். அந்தத் தொகையை வைத்தே பார்க்கலாம். 8.90%-ல் ஏப்ரல் மாத வட்டி ரூ.17,800. 8.65%-ல் போட்டிருந்தால் ரூ.17,300. ஒரு மாதத்துக்கு 500 ரூபாய் வித்தியாசம். ஜூலையில் வங்கி போட்ட வட்டி ரூ.17,698, போட்டிருக்க வேண்டியது ரூ.15,700. வித்தியாசம் ஏறக்குறைய 2,000 ரூபாய். இப்படி மாதம் மாதமாக இரண்டு பத்தி போட்டுச் செப்டம்பர் வரை இறங்கினால், வங்கிக் கணக்கில் அசல் நிலுவை ரூ.23,72,293. சரியான கணக்கில் ரூ.23,64,761. ஆறு மாதத்தில் கூடுதலாக எடுக்கப்பட்டது ரூ.7,532.

இந்த 7,532 ரூபாயைப் பார்த்து "இதற்காகவா இவ்வளவு அலைச்சல்" என்று விட்டுவிடத் தோன்றும். விட்டுவிடாதீர்கள். அதே ரூ.22,333 தவணையில், 7.90% விகிதம் தொடர்ந்தால் உங்கள் கடன் இன்னும் 182 மாதத்தில் தீரும். 8.90% தொடர்ந்தால் 210 மாதம் ஆகும். 28 தவணைகள், அதாவது ஆறு லட்சம் ரூபாய்க்கும் மேல். ரெப்போ வருங்காலத்தில் ஏறும், இறங்கும் என்பதால் இந்தத் தொகை மாறும். ஆனால் அந்த ஒரு சதவீதம் தவறாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை இழப்பு இந்த அளவில்தான் இருக்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது 7,532 ரூபாயை மட்டும் அல்ல. பணத்தை மட்டும் கேட்டால் வங்கி அதை வரவு வைத்துவிட்டு, விகிதத்தைத் தொடாமல் புகாரை முடித்துவிட முடியும். விகிதம் ஏப்ரல் 1-லிருந்து திருத்தப்பட வேண்டும், கணக்கு மறுபடி போடப்பட வேண்டும், மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை எழுத்தில் தரப்பட வேண்டும். பணம் திரும்புவது இவற்றோடு சேர்ந்து நடக்கட்டும்.

மாதவாரிக் கணக்கை எக்செல்லில் ஒரே பக்கத்தில் அடங்கும்படி போடுங்கள். மாதம், தொடக்க நிலுவை, வங்கி போட்ட வட்டி, போட்டிருக்க வேண்டிய வட்டி, வித்தியாசம் என்று ஐந்து பத்திகள் போதும். 24 லட்சம் என்று முழு எண்ணாக நான் எடுத்ததை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் ஸ்டேட்மென்டில் உள்ள நிலுவையைப் பைசா சுத்தமாக வையுங்கள்.

அடுத்து வங்கியில் புகார். கிளைக்கு மெயில் அனுப்புவதோடு நிறுத்தாமல், வங்கியின் இணையதளத்தில் புகார்ப் பகுதி வழியாகவோ குறைதீர் அதிகாரியின் மெயில் முகவரிக்கோ அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். இந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள வங்கிகள் 'உள் ஆம்புட்ஸ்மன்' ஒருவரை நியமிக்க வேண்டும். வாடிக்கையாளரின் புகாரை முழுதாகவோ ஓரளவோ மறுப்பதாக இருந்தால், வங்கி அதை அவரிடம் அனுப்பி அவர் பார்த்த பிறகே இறுதிப் பதில் தர வேண்டும். பதிவு செய்யப்பட்ட புகாருக்குத்தான் இது நடக்கும். உங்களுக்கு வந்த அந்த ஒரு வரிப் பதிலில் உள் ஆம்புட்ஸ்மன் பார்த்ததாக ஒன்றும் இல்லை என்றால், கிளை அதைப் புகாராகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று கொள்ளலாம். சரியாகப் பதிந்த புகார் பல நேரம் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தலைமை அலுவலகத்தில் யாராவது கணினியைத் திறந்து விகிதப் பதிவைப் பார்த்தால் போதும்.

புகாரை இப்படி எழுதலாம்:

> பொருள்: கடன் ஒப்பந்தத்துக்கு மாறாக வட்டி வசூலிப்பு – வீட்டுக்கடன் கணக்கு எண் …
>
> இது வட்டிக் குறைப்பு வேண்டுகோள் அல்ல, புகார். என் கடன் ஒப்பந்தத்தின் … பிரிவின்படி வட்டி விகிதம் ரெப்போ + 2.40%. ஒவ்வொரு காலாண்டின் முதல் தேதியில் மாற்றப்பட வேண்டும். 1.4.2025 முதல் 8.65 சதவீதமும் 1.7.2025 முதல் 7.90 சதவீதமும் வசூலிக்கப்பட்டிருக்க வேண்டும். தொடர்ந்து 8.90% வசூலிக்கப்படுகிறது. 30.9.2025 வரை கூடுதலாக எடுக்கப்பட்ட தொகை ரூ. … (கணக்கு இணைப்பில்).
>
> நான் கோருவது: (1) மேற்கண்ட தேதிகளிலிருந்து விகிதத்தைத் திருத்துதல், (2) கணக்கை மறுபடி போட்டு, கூடுதல் தொகையை அந்தந்தத் தேதியிட்டு அசலில் வரவு வைத்தல், (3) திருத்திய தவணை அட்டவணை தருதல், (4) கூடுதல் விகிதம் மாற்றப்பட்டிருந்தால், எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால், எந்த ஒப்பந்தப் பிரிவின் கீழ் என்ற விவரம்.
>
> இணைப்பு: அனுமதிக் கடிதம், ஒப்பந்தத்தின் வட்டிப் பக்கம், கடன் கணக்கு ஸ்டேட்மென்ட், மாதவாரிக் கணக்கு, 20.8.2025 மெயிலும் 3.9.2025 பதிலும்.

நான்காவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். அதற்கு வங்கி பதில் சொன்னால் அந்தப் பதிலைத் தேதியோடும் விதியோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சொல்லாமல் மழுப்பினால் அந்த மழுப்பலே ஆம்புட்ஸ்மன் முன் உங்கள் பக்கம் நிற்கும்.

இந்தச் சமயத்தில் கிளையிலிருந்து ஓர் அழைப்பு வரக்கூடும்: "ஒரு சிறு மாற்றுக் கட்டணம் கட்டி, இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், வட்டியைக் குறைத்துவிடலாம்." உங்களுக்கு ஏற்கெனவே உரிய விகிதத்துக்குக் கட்டணம் எதற்கு? அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் படிவம் பெரும்பாலும் புதிய ஒப்பந்தம். அதில் கூடுதல் விகிதம் வேறாக இருக்கலாம், கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்துதான் விகிதம் குறையும், ஏப்ரலிலிருந்து போனது போனதுதான். படிவத்தை வீட்டுக்கு வாங்கிவந்து படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். 'முழுத் திருப்தி, இனிக் கோரிக்கை எதுவும் இல்லை' என்ற வரியுள்ள எந்தக் கடிதமும் அப்படித்தான்.

வங்கி புகாரைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள் காத்திருங்கள். மறுப்புப் பதில் வந்தாலோ, 30 நாளில் பதிலே வராவிட்டாலோ ஆம்புட்ஸ்மன் கதவு திறக்கிறது. 28-ம் நாளில் பொறுமையிழந்து புகாரை அனுப்பினால் "முதலில் வங்கியிடம் போங்கள்" என்று திருப்பிவிடுவார்கள். அதிகமாக நாள் கடத்தவும் கூடாது. 2021 திட்டத்தின்படி, வங்கியின் பதில் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வர வேண்டும். பதிலே இல்லை என்றால் புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாளும். உங்களுக்கு முன்னரே செப்டம்பர் 3-ல் ஒரு பதில் வந்துவிட்டதால், பாதுகாப்புக்காக அந்தத் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். 30 நாள் முடிந்த வாரத்திலேயே அனுப்பிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

அனுப்பும் இடம் cms.rbi.org.in. கட்டணம் எதுவும் இல்லை. "File a Complaint" என்பதை அழுத்தி, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு உள்ளே போனால் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு வரும் கேள்விகளில்தான் பாதிப் புகார்கள் விழுகின்றன என்பதால் நிதானமாகப் பாருங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்தீர்களா, எந்தத் தேதியில், பதில் வந்ததா, இதே விஷயம் நீதிமன்றத்திலோ நடுவர் மன்றத்திலோ இருக்கிறதா, வழக்கறிஞர் மூலம் கொடுக்கிறீர்களா என்று கேட்கும். வங்கியிடம் கொடுத்த தேதி என்ற இடத்தில் புகார் எண் வாங்கிய தேதியைப் போடுங்கள், கிளைக்கு நேரில் போன தேதியைப் போடாதீர்கள். வழக்கறிஞர் உங்களுக்காகப் புகார் கொடுக்க முடியாது. உங்களால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம், அவர் வழக்கறிஞராக இருக்கக் கூடாது.

விவரம் எழுதும் இடத்தில் வங்கிக்கு எழுதிய அதே கோரிக்கைகளை அதே வரிசையில் எழுதுங்கள். வங்கியிடம் கேட்காத புதுக் கோரிக்கையை இங்கே சேர்த்தால், "இதை எங்களிடம் கேட்கவே இல்லை" என்று வங்கி சொல்லும். கிளை ஊழியரின் நடத்தை, வரிசையில் காக்க வைத்தது, காப்பீட்டைத் திணித்தது எல்லாம் உண்மையாகவே நடந்திருந்தாலும் இந்தப் புகாரில் கலக்க வேண்டாம். ஆம்புட்ஸ்மன் நடத்துவது சுருக்க விசாரணை. நீண்ட சாட்சி விசாரணை தேவைப்படும் வழக்கு என்று தோன்றினால் அதை முடித்துவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஒரு ஒப்பந்தப் பிரிவு, மூன்று ரெப்போ எண்கள், ஒரு பக்கக் கணக்கு என்று போனால் அந்த நிலை வராது.

கணினி வசதி இல்லை என்றால் CRPC@rbi.org.in என்ற மெயிலுக்கு அனுப்பலாம். தபாலில் என்றால், மையப் புகார் பெறும் மையம், ரிசர்வ் வங்கி, 4-வது தளம், செக்டர் 17, சண்டிகர் – 160017. சென்னையில் உள்ள ரிசர்வ் வங்கிக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. 2021 திட்டம் வந்தபின் எந்த ஊர்ப் புகாரும் ஒரே இடத்தில் பெறப்பட்டு, அங்கிருந்து ஓர் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு ஒதுக்கப்படுகிறது. சந்தேகம் இருந்தால் 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

புகார் ஏற்கப்பட்டதும் அதன் நகல் வங்கிக்குப் போகும். 15 நாளுக்குள் வங்கி தன் பதிலை ஆவணங்களோடு தர வேண்டும். இந்தப் பதினைந்து நாளில்தான் பெரும்பாலும் வங்கியிலிருந்து சமரசப் பேச்சு தொடங்கும். பேசுங்கள், அதில் தவறில்லை. ஆனால் விகிதத் திருத்தம், பின்தேதியிட்ட வரவு, புதிய அட்டவணை ஆகிய மூன்றும் எழுத்தில் வந்து, ஸ்டேட்மென்டிலும் தெரிந்த பிறகே "தீர்ந்தது" என்று சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பித் திரும்பப் பெற்ற புகாரை அதே காரணத்துக்காக மீண்டும் உயிர்ப்பிப்பது கடினம்.

சமரசம் ஆகாவிட்டால் ஆம்புட்ஸ்மன் இரு பக்க ஆவணங்களையும் பார்த்துத் தீர்ப்பாணை தரலாம். தகராறுத் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 2021 திட்டத்தின்படி, வங்கியின் தவறால் ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் ரூபாய் வரையிலும் ஈடு தர அவருக்கு அதிகாரம் உண்டு. இவை உச்சவரம்புகள்தான். உங்கள் வழக்கில் பெரிய ஈட்டுத்தொகையை எதிர்பார்த்துப் படிவத்தில் ஒரு லட்சம் என்று நிரப்புவதால் பயன் குறைவு. அலைச்சலுக்கு என்று ஏதாவது கேட்பதானால் செலவுக்கு ஆதாரம் காட்டக்கூடிய நியாயமான தொகையைக் கேளுங்கள்.

தீர்ப்பாணை சாதகமாக வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நகல் கிடைத்த 30 நாளுக்குள் "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற ஏற்புக் கடிதத்தை நீங்கள் வங்கிக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆணை காலாவதியாகிவிடும். ஜெயித்துவிட்டோம், வங்கி தானாகச் செய்யும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் வங்கி ஆணையை நிறைவேற்ற வேண்டும்.

பாதகமாக வந்தால், முடித்துவைத்த கடிதத்தில் எந்த உட்பிரிவின் கீழ் முடித்தார்கள் என்று எழுதியிருக்கும். அதை முதலில் பாருங்கள். விசாரணைக்கே ஏற்கவில்லை என்றால், எது குறை என்று பார்த்து, ஆவணம் விடுபட்டது போன்ற சரிசெய்யக்கூடிய குறையாக இருந்தால் சரிசெய்து மறுபடி அனுப்பலாம். சில வகை முடிவுகளுக்கு மட்டும் 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், எல்லா முடிவுக்கும் இந்த வழி கிடையாது. அந்த வழி இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடு என்பதை மனதில் வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கிறது என்பது தெரிந்த உடனே ஆம்புட்ஸ்மன் புகார் முடிந்துவிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஒப்பந்த நகலும் வட்டி விகித மாற்ற விவரமும் கேட்டுக் கிளைக்கு ஒரு கடிதம், அதன் நகலில் தேதியோடு முத்திரை. அவை கைக்கு வரும்வரை காத்திருக்காமல், இருக்கும் அனுமதிக் கடிதத்தையும் ஸ்டேட்மென்டையும் வைத்து வங்கியின் குறைதீர் பிரிவில் புகாரைப் பதியுங்கள். அந்தப் பதிவு நாளிலிருந்துதான் 30 நாள் ஓடத் தொடங்கும்.